நாற்பது ஸ்லைடிலிருந்து ஒரு தாள்: இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கான டிஸ்சார்ஜ் குறிப்பு, இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் இதயநோய்ப் பிரிவில் நோயாளிகளுக்குக் காட்டுவதற்கென்றே ஒரு பவர்பாயிண்ட் உண்டு. இதயச் செயலிழப்பு பற்றி நாற்பது ஸ்லைடு பக்கம் வரும். இதயத்தின் படம், இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத ரத்தத்தைத் தள்ளுகிறது, நான்கு வகை மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன, உப்பு, தண்ணீர், எடை, நடைப்பயிற்சி, அபாய அறிகுறிகள் எல்லாம் இருக்கும். முன்பு டிஸ்சார்ஜ் நாளில் இதையே பக்கத்துக்கு ஆறு ஸ்லைடாக அச்சடித்து, மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவார்கள். அதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் அச்சிட்ட ஒரே தாளுக்கு மாறி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வார்டில் டிஸ்சார்ஜ் பார்க்கும் செவிலியராக அந்தத் தாளைத் தினமும் கையாள்கிறேன். எது பலித்தது, எது இன்னும் தொல்லை தருகிறது என்பதை எழுதுகிறேன்.

முதலில் தாளில் எதை வைப்பது என்ற கேள்வி. நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: அடுத்த ரிவ்யூ வரைக்கும், அதாவது முதல் ஒன்றிரண்டு வாரத்தில், இந்த மனிதர் வீட்டில் செய்ய வேண்டிய காரியமா இது? ஆம் என்றால் தாளில் வரும். இல்லையென்றால் ஸ்லைடிலேயே இருக்கட்டும். இதயத்தின் படம் போனது, சதவீதம் போனது, மருந்து எந்த வழியில் வேலை செய்கிறது என்பதும் போனது. மிஞ்சியது எடை, மாத்திரை, உப்பும் தண்ணீரும், எப்போது போன் செய்ய வேண்டும் என்ற நான்கும்தான்.

இவற்றில் எடைக்குத்தான் அதிக நேரம் செலவானது. ஸ்லைடில் இருந்த வரி இது: “தினமும் எடை பார்க்கவும், மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.” மருத்துவ ரீதியாக இது சரியான வரி. இதயம் சரியாகத் தள்ளாதபோது உடலில் நீர் தங்கும். ஒரு லிட்டர் தங்கினால் ஒரு கிலோ கூடும். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் சில லிட்டர் தங்கிவிடும். எனவே மூச்சுத்திணறலுக்கு முன்பே தராசு சொல்லிவிடும். ஆனால் இந்த வரியை வைத்துக்கொண்டு வீட்டில் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். தினம் எடையைக் குறிக்க வேண்டும், மூன்று நாள் முந்தைய எண்ணைத் தேட வேண்டும், கழித்துப் பார்க்க வேண்டும். எழுபது வயதில், கண்ணாடியைத் தேடிக்கொண்டு, இது நடக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. தினம் 300 கிராம் வீதம் மெல்ல ஏறினால் மூன்று நாள் கணக்கில் அது சிக்கவே சிக்காது. பத்து நாளில் 3 கிலோ ஏறியிருக்கும்.

அதனால் தாளில் கணக்கை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்தோம். இப்போது அந்தப் பகுதி இப்படி இருக்கிறது:

“காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், தினமும் ஒரே தராசில் எடை பாருங்கள். தராசு சமமான தரையில் இருக்கட்டும்.
வீட்டுக்குப் போன மறுநாள் காலை என் எடை: ____ கிலோ.
____ கிலோ அல்லது அதற்கு மேல் காட்டினால் அன்றே போன் செய்யுங்கள்.
____ கிலோ அல்லது அதற்குக் கீழே காட்டினாலும் அன்றே போன் செய்யுங்கள்.”

முதல் கோட்டில் ஆஸ்பத்திரி எடையை எழுதுவதில்லை. எங்கள் தராசும் அவர்கள் வீட்டுத் தராசும் ஒன்றரைக் கிலோ வித்தியாசம் காட்டுவது சாதாரணம். அதை அடிப்படையாக வைத்தால் முதல் நாளே தேவையில்லாத பயம் வரும், அல்லது வர வேண்டிய பயம் வராமல் போகும். மறுநாள் காலை வீட்டுக்கு நாங்களே போன் செய்து, அங்கே பார்த்த எடையைக் கேட்டு, மற்ற இரண்டு எண்ணையும் சொல்லி எழுதவைக்கிறோம். 62 என்றால் மேலே 64, கீழே 60. வீட்டில் தராசு இல்லாதவர்களிடம், பக்கத்து மருந்துக் கடையில் தராசு இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாளாவது அதே கடையில் பார்க்கச் சொல்கிறோம். அதுவும் முடியாதவர்களுக்குக் கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். இது தராசுக்கு ஈடாகாது. தாமதமாகத்தான் காட்டும்.

எடை குறைந்தாலும் போன் செய்யச் சொல்லும் அந்தக் கடைசி வரி ஸ்லைடில் கிடையாது. அதை வைத்ததன் பயனை ஒரு நோயாளியிடம் தெளிவாகப் பார்த்தேன். வீட்டில் முதல் காலை 58.5 கிலோ இருந்தவர், நான்காம் நாள் 56. மருமகள் போன் செய்தார்: “சிஸ்டர், மாமாவுக்கு எடை நல்லா இறங்கிருக்கு, ஆனா கட்டில்ல இருந்து எழுந்தா தலை சுத்துதுங்கிறாரு.” வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். நாங்கள் எழுதிய ஃப்யூரோசமைடு 40 மி.கி. இருந்தது. அதோடு, முன்பு வேறு இடத்தில் எழுதிக்கொடுத்த டோர்செமைடும் இருந்தது. இரண்டும் நீர் பிரிக்கும் மாத்திரைகள். இரண்டையும் தவறாமல், சிரத்தையாகச் சாப்பிட்டிருக்கிறார். மருத்துவர் பழையதை நிறுத்தச் சொல்லி, அன்றே கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்க்க வைத்தார். சிறுநீரகம் கெடுவதற்குள் சரியாகிவிட்டது.

மாத்திரைப் பகுதியில் “இனிமேல் சாப்பிடக் கூடாதவை” என்ற கட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் புதிய மருந்துகளின் பட்டியல் இருக்கும். வீட்டு டப்பாவில் இருக்கும் பழைய மருந்துகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்று என்பது நோயாளிக்கு எப்படித் தெரியும்? எனவே டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே “வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவாங்க” என்று சொல்லிவிடுகிறோம். நிறுத்த வேண்டியவற்றை மருத்துவர் குறித்துக்கொடுத்ததும் அட்டையின் மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, பெயரைக் கட்டத்தில் எழுதுகிறோம். இந்தத் தாளில் எனக்கு மிக அதிக நம்பிக்கை தரும் பகுதி இதுதான்.

சாப்பிட வேண்டிய மாத்திரைகளை மருந்தின் வகைப்படி எழுதாமல் நேரப்படி எழுதுகிறோம்: காலை 8, மதியம் 2, இரவு 8. நீர் பிரியும் மாத்திரை இரண்டு வேளை என்றால் இரண்டாவது வேளை மதியம்தான். சம்மரியில் 1-0-1 என்று பழக்கத்தில் விழுந்துவிட்டால் ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடை, அப்புறம் இருட்டில் விழுவது, அப்புறம் “இந்த மாத்திரையே வேண்டாம்” என்று நிறுத்துவது. தாளை எழுதும்போது இந்த மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் மருத்துவரிடம் கேட்டுத் திருத்த முடிகிறது.

முட்டிவலிக்கு என்று ஒரு வரியும் உண்டு. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடலில் நீரையும் உப்பையும் தேக்கும். ஸ்லைடில் இவை “தவிர்க்க வேண்டிய மருந்துகள்” என்ற தலைப்பில் வகைப் பெயரோடு இருந்தன. மெடிக்கலில் யாரும் வகைப் பெயரைச் சொல்லி வாங்குவதில்லை. “முட்டி வலிக்கு ஒண்ணு குடுங்க” என்றுதான் கேட்பார்கள். அதனால் தாளில் “வலிக்கு மெடிக்கலில் நீங்களாக மாத்திரையோ ஊசியோ வாங்காதீர்கள், எங்களுக்குப் போன் செய்யுங்கள்” என்று இருக்கிறது.

உப்புக்கு வருவோம். “ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியம்” என்றது ஸ்லைடு. அது சுமார் 5 கிராம் உப்பு, மட்டமாக ஒரு டீஸ்பூன். ஆனால் நம் வீட்டில் உப்பு ஒருவருக்கென்று தனியாக விழுவதில்லை, சட்டியில் விழுகிறது. ஆகவே சமைப்பவரிடம் வேறு மாதிரி கேட்கிறேன்: “ஒரு கிலோ உப்பு பாக்கெட் உங்க வீட்டில் எத்தனை நாள் வருது?” ஆளுக்கு 5 கிராம் என்றால் நான்கு பேர் வீட்டில் 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்கிறது என்றால், ஊறுகாய் போட்டதைக் கழித்துவிட்டு, தலைக்குக் கிட்டத்தட்ட 10 கிராம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே சமைப்பவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. தாளில் எழுதுவது: “குழம்பிலும் பொரியலிலும் உப்பு போடுவதற்கு முன் இவருடைய பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள். அதில் பாதி உப்பு. சோற்றில் உப்பு வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், மோர்மிளகாய் வேண்டாம். இந்துப்பும் உப்புதான்.” இதோடு, சோடியம் குறைத்த உப்பு பாக்கெட்டை வாங்க வேண்டாம் என்றும் இருக்கிறது. அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். நல்லது என்று நினைத்து பிள்ளைகள் வாங்கிக்கொண்டு வருவது இதைத்தான்.

தண்ணீர் அளவு எல்லோருக்கும் கிடையாது. மருத்துவர் கட்டுப்பாடு சொன்னால் மட்டும் கோட்டில் எழுதுகிறோம், இல்லையென்றால் அடித்துவிடுகிறோம். 1.5 லிட்டர் என்றால், காலையில் அவ்வளவு தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி வைக்கச் சொல்கிறோம். காபி, மோர், ரசம், கஞ்சி எது குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து வெளியே ஊற்றிவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் இந்த அளவே சிலருக்கு ஆபத்தாகிவிடும். அப்போதும் எடையின் கீழ் எண்தான் காப்பாற்றுகிறது.

அபாய அறிகுறிகள் ஸ்லைடில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகளாக அழகாக இருந்தன. எங்கள் வார்டில் இருப்பது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். மூன்று பட்டையும் சாம்பலாக வந்தது. இப்போது வண்ணம் இல்லை, இரண்டு தலைப்புதான். “இன்றே போன்”: எடை, எழுதிய எண்ணைத் தொட்டது அல்லது தாண்டியது, வழக்கத்தைவிட ஒரு தலையணை கூடுதலாக வைத்தால்தான் தூங்க முடிகிறது, கால் வீங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தி பேதி. “உடனே 108”: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நெஞ்சுவலி, மயக்கம்.

தாளைக் கொடுத்துவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் அப்படிக் கேட்பதில்லை. “ஐயா, வீட்டுக்குப் போனப்புறம் ஒருநாள் தராசு தாள்ல இருக்கிற மேல் எண்ணைக் காட்டுது, என்ன செய்வீங்க?” என்று கேட்கிறேன். “ரெண்டு நாள் பார்த்துட்டு வரேன்” என்று பதில் வந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி சொல்லி, மறுபடி கேட்பேன். சமைப்பவரும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரும் அப்போது கூட இருக்க வேண்டும். பில் கட்டிவிட்டு ஆட்டோவை வாசலில் நிறுத்திவைத்திருக்கும் நேரத்தில் இது நடக்காது, எனவே முந்தைய நாள் மாலையே முடித்துவிடுகிறேன். பழைய ஸ்லைடுகள் வீணாகவில்லை. படுக்கையில் இருக்கும் நாட்களில் குடும்பத்தார் கேள்வி கேட்கும்போது காட்டி விளக்க அவை நன்றாக உதவுகின்றன.

தீராத குறைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைவு, கோடுகள் நிரப்பப்படாமல் போய்விடும். எண் இல்லாத தாளால் பயன் மிகக் குறைவு. சிறுநீரக நோயும் சர்க்கரையும் சேர்ந்திருப்பவர்களுக்கு இந்தத் தாள் போதாது, உணவுப் பகுதியை மருத்துவரோடு உட்கார்ந்து தனியாக எழுத வேண்டியிருக்கிறது. “இன்றே போன்” என்று போட்டிருக்கும் எண்ணை இரவில் எடுக்க ஆள் வேண்டும். அதற்காகத் தனி செல்போனை வார்டிலேயே வைத்து, ஷிப்ட் மாறும்போது கைமாற்றுகிறோம்.

மிகப் பெரிய சிக்கல் ரிவ்யூவில் வருகிறது. அங்கே மாத்திரை அளவு மாறும், பசி திரும்பி உடம்பு தேறியிருந்தால் அடிப்படை எடையும் மாறும், ஆனால் வீட்டுச் சுவரில் பழைய தாள்தான் ஒட்டியிருக்கும். இப்போது ரிவ்யூவுக்கு வரும்போது தாளையும் கொண்டுவரச் சொல்லி, பழையதை நாங்களே வாங்கிக் கிழித்துவிட்டு, தேதி போட்ட புதிய தாளை எழுதிக் கொடுக்கிறோம். போட்டோ எடுத்து குடும்பக் குழுவில் போட்டிருந்தால் அதையும் அங்கேயே அழிக்கச் சொல்லி, புதியதைப் போடவைக்கிறோம்.