தேடல் பெட்டியின் பரிந்துரைப் பட்டியல்: நெடுநாள் பராமரித்த பிறகு

நண்பர் ஒருவர் தன் தளத்தில் தேடல் பரிந்துரை வைக்கப் போகிறார். அதாவது, இரண்டு எழுத்து தட்டியதும் கீழே பத்து வரி விரியும் அந்தப் பட்டியல். "ட்ரை போடலாமா, வேறு ஏதாவது போடலாமா?" என்று கேட்டார். அப்படியொரு சேவையைக் கட்டி இன்றுவரை பராமரித்து வருகிறவன் என்ற முறையில் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். ட்ரை என்றால் என்ன என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கட்டமைப்பைப் பற்றி எனக்குப் பெரிய புகார் எதுவும் இல்லை. எங்களுடையது ட்ரைதான். ஒவ்வொரு நோடிலும், அதன் கீழே உள்ள தேடல்களில் முதல் சிலவற்றை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறோம். "பு" என்று கேள்வி வந்தால் ப, உகரக் குறி என இரண்டு நோடு இறங்கி, அங்கே தயாராக இருக்கும் பட்டியலை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. மெமரி இடித்தால் சொற்களின் தொடக்கத்தோடு முடிவையும் பகிர்ந்துகொள்ளும் எஃப்.எஸ்.டி. இருக்கிறது, லூசீன் பயன்படுத்துவது அதைத்தான். அளவில் மிகச் சிறியது. ஆனால் ஒருமுறை கட்டினால் கட்டியதுதான், நடுவில் ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றாலும் புதிதாகக் கட்ட வேண்டும். சில லட்சம் தேடல்கள் மட்டுமே உள்ள தளத்துக்கு இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து. அகர வரிசையில் அடுக்கிய ஒரு அரே, அதில் பைனரி தேடல், ஓரெழுத்து ஈரெழுத்து முன்னொட்டுகளுக்கு மட்டும் முன்கணித்த பட்டியல். இவ்வளவு போதும்.

தமிழில் தட்டுகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் p தட்டியதும் "ப்" வரும், u தட்டிய பிறகுதான் அது "பு" ஆகும். இடையில் போகும் "ப்" என்ற கேள்விக்கு அநேகமாக எந்தச் சொல்லும் பொருந்தாது, பட்டியல் காலியாகி மறுபடி விரியும். கண்ணுக்கு அது பெரும் தொந்தரவு. முன்னொட்டின் கடைசியில் புள்ளி இருந்தால் அதை நீக்கிவிட்டுத் தேடினால் சரியாகிவிடும். "கொ" போன்ற எழுத்துகளில் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் அனுப்பலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் அனுப்பலாம் என்பதால், சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் NFC வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதும் கட்டாயம்.

இனி, இந்தச் சேவையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. எது மேலே வர வேண்டும் என்பதற்கு முதலில் தோன்றுவது மொத்த எண்ணிக்கைதான். அது புதியவற்றுக்கு வழியே விடாது. "புத்தகம்" நாளுக்கு 1,000 முறை தேடப்பட்டு, இதுவரை 10 லட்சம் சேர்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று "புயல்" 20,000 முறை தேடப்படுகிறது. இதே வேகத்தில் போனாலும் முந்துவதற்கு ஏழு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் புயல் கரையைக் கடந்து, மழை நின்று, எல்லாம் உலர்ந்துவிடும்.

ஆகவே பழைய தேடல்களின் மதிப்பு காலத்தோடு தேய வேண்டும். அரை ஆயுள் மூன்று நாள் என்று வைத்தால், நாளுக்கு 1,000 என்று சீராக வரும் "புத்தகம்" சுமார் 4,850 மதிப்பில் நிலைத்து நிற்கும். "புயல்" முதல் நாளிலேயே 20,000. உடனே மேலே போய்விடும். அடுத்த நாளே தேடுவது அடியோடு நின்றுவிட்டால் மூன்று நாள் கழித்து 10,000, ஆறு நாள் கழித்து 5,000, அதற்குச் சற்றுப் பிறகு தானாகவே "புத்தகத்துக்கு"க் கீழே வந்துவிடும்.

இதைக் கேட்டதும், எல்லாத் தேடல்களின் மதிப்பையும் தினம் தினம் குறைத்து எழுத வேண்டுமே என்ற கவலை வரும். வேண்டியதில்லை, அழகே அதில்தான் இருக்கிறது. அடுக்குக்குறித் தேய்மானத்தில் எல்லாமே ஒரே விகிதத்தில்தான் குறையும். எல்லாம் பாதியானால் வரிசை மாறாது. ஆகவே பழையதைக் குறைப்பதற்குப் பதில் புதியதைக் கூட்டலாம்: t-ஆம் நாள் வரும் ஒரு தேடலுக்கு 2^(t/3) மதிப்பு. வரிசை அதேதான். இதற்கு ஃபார்வர்ட் டிகே என்று பெயர், 2009-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. எண் பெருத்துக்கொண்டே போகும் என்பதால் அதன் லாகரிதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறோம்:

```python
import math

def add_hit(L, t, H=3.0):
    x = t / H
    hi, lo = max(L, x), min(L, x)
    return hi + math.log2(1 + 2 ** (lo - hi))
```

இதன் பலன் ட்ரை வரைக்கும் வருகிறது. யாரும் தேடாத சொல்லைத் தொட வேண்டாம். தேடப்பட்ட சொல்லின் மதிப்பு ஏறுமே தவிர இறங்காது. "புயல்" ஏறினால் அதன் பாதையில் உள்ள ஐந்து நோடுகளில் மட்டும், பட்டியலின் கடைசி ஆளை இது முந்துகிறதா என்று பார்த்தால் போதும். இரவெல்லாம் ஓடி மொத்தத்தையும் புதிதாகக் கட்டும் வேலை எங்களுக்கு இதனால் இல்லாமலே போனது. இவ்வளவு சின்ன கணக்கு இவ்வளவு வேலையை மிச்சம் பண்ணியதைப் பார்த்து நான் இன்னமும் பூரிக்கிறேன்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன கணக்கில் "புயல்" ஆறேழு நாளில் இறங்க வேண்டும். நிஜத்தில் அது இறங்குவதில்லை. காரணம், நாங்கள் காட்டும் பட்டியலேதான். "பு" என்று தட்டியவர் கண்ணில் முதலில் படுவது "புயல்". வேறு எதையோ தேட வந்தவர்களில் ஒரு பகுதியினர் அதைத் தொட்டுவிடுகிறார்கள். தொட்டதும் தேடலாகப் பதிவாகிறது, மதிப்பு ஏறுகிறது, மறுநாளும் அதுவே முதலில் நிற்கிறது.

கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். புயல் ஓய்ந்த பிறகு நாளுக்கு 300 பேர் முழுச் சொல்லையும் தாங்களே தட்டித் தேடுகிறார்கள், 800 பேர் "பு" தட்டியதும் பட்டியலிலிருந்து தொடுகிறார்கள் என்று கொள்வோம். மொத்தம் 1,100. அது சுமார் 5,330 மதிப்பில் நிலைத்துவிடும். "புத்தகத்தின்" 4,850-க்கு அது எப்போதும் மேலேதான். அரை ஆயுளை எவ்வளவு குறைத்தாலும் நிலைமை மாறாது, ஏனென்றால் அந்த 800 தினமும் புதிதாக வருவது. தேய்மானத்தை மேலும் மேலும் கடுமையாக்கி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. பட்டியல் இன்னும் அதிகமாக ஆட்டம் காணுமே தவிர, இந்தச் சுழல் உடையாது.

சுழல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, வருகையாளர்களில் ஒரு சிறு பகுதிக்குப் பட்டியலையே காட்டாமல் விடுவது. அவர்கள் எல்லாவற்றையும் தாங்களே தட்டுவார்கள். அங்கே "புத்தகம்" முன்னாலும் மற்ற எல்லா இடத்திலும் "புயல்" முன்னாலும் இருந்தால், "புயலை"த் தூக்கிப் பிடிப்பது பட்டியல்தான். பரிந்துரையைத் தொடுவோர் விகிதத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. சுழல் வலுக்க வலுக்க அந்த எண் நன்றாகத்தான் தோன்றும். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். சேவை கெட்டுக்கொண்டிருக்கும்போது அறிக்கை நன்றாக இருக்கிறது.

நாங்கள் வைத்திருக்கும் தீர்வு இது: தொட்ட தேடலுக்கு முழு மதிப்பு கிடையாது. தொடுவதற்கு முன் எத்தனை எழுத்து தட்டினாரோ அந்தப் பங்குதான் மதிப்பு. மூன்று எழுத்துச் சொல்லில் ஒரு எழுத்து தட்டித் தொட்டால் மூன்றில் ஒரு பங்கு. அப்போது "புயல்" 300-உம் 800-இல் மூன்றில் ஒன்றும் சேர்ந்து சுமார் 567 ஆகி, 2,750 மதிப்புக்கு இறங்கிவிடும். "புத்தகத்தின்" 1,000-இல் 900 பேர் தாங்களே தட்டியவர்கள், 100 பேர் ஓரெழுத்தில் தொட்டவர்கள் என்றால் அது 920 ஆகி, 4,460-இல் நிற்கும். வரிசை சரியாகிவிட்டது. "புய" வரை தட்டியவர் உண்மையிலேயே "புயலை"த் தேடியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் இதற்கும் விலை உண்டு. உண்மையிலேயே புதிதாக ஒன்று கிளம்பும்போது, போனில் தட்டுகிறவர்கள் முழுச் சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களுடைய வாக்கையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறோம். புதியது மேலே வரத் தாமதமாகிறது. சுழலை அடக்கினால் புதுமை மந்தமாகும், புதுமையை விட்டுக்கொடுக்காவிட்டால் சுழல் கிளம்பும். இரண்டையும் ஒருசேரத் தீர்க்கும் எண் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் தளத்துக்குப் பொருந்தும் எண்ணும் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.

நீக்குதலைப் பற்றி நண்பர் கேட்கவில்லை, ஆனால் அது அவரைக் கட்டாயம் வந்து சேரும். யாரோ ஒருவரின் தொலைபேசி எண், அவதூறான ஒரு வரி, இப்படி ஏதாவது பட்டியலில் வந்துவிட்டால் அந்த நிமிடமே போயாக வேண்டும். அதை ட்ரைக்குள் தேடி அழித்துக்கொண்டிருக்கக் கூடாது. பதில் அனுப்புவதற்குச் சற்று முன் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டு வடிகட்ட வேண்டும். வடிகட்டிய பிறகும் பத்து மிஞ்ச வேண்டும் என்பதற்காக நோடு ஒன்றுக்கு முப்பது வைத்திருக்கிறோம். பலர் தனித்தனியாகத் தேடாத எதையும் பட்டியலுக்குள் விடாமல் இருந்தாலே இந்தத் தொல்லை பெருமளவு குறையும். வடிகட்டியும் பழைய வரி போகவில்லை என்று புகார் வந்தால் கேஷைப் பாருங்கள். ஓரெழுத்து முன்னொட்டுகளுக்கு `Cache-Control: max-age=60` தாராளமாகப் போதும். நெரிசலான சர்வரில்கூட நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கிடுவது ஒரு சுமையே இல்லை.

சரி, பரிந்துரைப்பேனா? கட்டமைப்புக்கும் தேய்மானக் கணக்குக்கும் முழு மதிப்பெண் கொடுத்த பிறகும், இன்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன். இந்த வாரம் முழுக்க, எப்போதோ ஓய்ந்துபோன ஒரு தேடலைக் கீழே இறக்குவதிலேயே போய்விட்டது. ஆகவே இது இந்த வாரத்தின் தீர்ப்பு. நண்பரின் தளத்தில் தேடல்கள் குறைவு. தளத்தில் இருக்கும் தலைப்புகளையே அகர வரிசையில் காட்டினால், மக்களின் தேடலை எண்ணும் வேலையும் இல்லை, சுழலும் இல்லை. அதையும் மீறி எண்ணித்தான் காட்டப் போகிறார் என்றால், முதல் நாளிலிருந்தே லாகில் மூன்று விவரங்களைப் பதியட்டும்: அந்தத் தேடல் தட்டப்பட்டதா, தொடப்பட்டதா, தொடப்பட்டிருந்தால் எத்தனையாவது எழுத்தில், பட்டியலின் எத்தனையாவது வரியில். பழைய லாகில் இல்லாத இந்த விவரத்தைப் பின்னால் எங்கிருந்தும் வரவழைக்க முடியாது.