தொலைந்த கார்டை எப்படி நீக்குவது? ஆர்எஃப்ஐடி பூட்டோடு என் அனுபவம்

பலர் பயன்படுத்தும் கருவி அறை ஒன்றின் கதவுக்கு அர்டுயினோ ஊனோ, ஆர்சி522 ரீடர், 12 வோல்ட் சொலினாய்டு பூட்டு ஆகியவற்றைக் கொண்டு அமைத்த பூட்டை நெடுநாளாகப் பயன்படுத்துகிறேன். கதவைத் திறப்பதில் இது குறை வைக்கவில்லை. இதன் உண்மையான சோதனை, யாராவது "கார்டைக் காணோம்" என்று வந்து நிற்கும்போதுதான் தொடங்குகிறது.

ரீடருக்கான MFRC522 நூலகத்துடன் வரும் AccessControl என்ற மாதிரி நிரலைத்தான் பெரும்பாலோர் அப்படியே ஏற்றிக்கொள்கிறார்கள். அதில் மாஸ்டர் கார்டைக் காட்டிவிட்டு வேறொரு கார்டைக் காட்டினால், அது பட்டியலில் இல்லையென்றால் சேரும், இருந்தால் நீங்கும். அதாவது, ஒரு கார்டை நீக்க அந்தக் கார்டே கையில் இருக்க வேண்டும். தொலைந்த கார்டை எங்கே போய்க் காட்டுவது? மிஞ்சுவது, பட்டியல் முழுவதையும் அழித்து எல்லோரையும் மறுபடி வரவழைத்துப் பதிவதுதான். அந்தத் தொல்லைக்கு அஞ்சியே பலர் தொலைந்த கார்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கதவைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான முடிவு கிடையாது.

அதனால் சேமிப்பு முறையை மாற்றினேன். ஒவ்வொரு கார்டுக்கும் நிரந்தரமாக ஒரு இட எண்:

```cpp
struct Slot {
  byte uid[4];
  byte state; // 0xFF காலி, 1 செல்லும், 0 தொலைந்தது
};
```

ஒரு இடத்துக்கு 5 பைட். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராம் ஊனோவில் 1024 பைட் என்பதால் 200 பேருக்கு மேல் தாங்கும். எழுதப்படாத ஈஈப்ராம் 0xFF என்றே படிக்கும், அதனால் காலி இடத்துக்குத் தனி அடையாளம் தேவையில்லை. பதியும்போது கார்டின் அடையாள எண்ணான யூஐடியை முதலில் எழுதி, நிலையைக் கடைசியில் எழுத வேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் அந்த இடம் காலி என்றே கருதப்படும். அரைகுறைக் கார்டு எதுவும் உள்ளே நுழையாது.

இட எண்ணைக் கார்டின் மேல் எழுதி, எந்த எண் யாரிடம் என்று ஒரு நோட்டிலும் குறித்துவைக்கிறோம். 7ஆம் எண்காரர் கார்டைத் தொலைத்துவிட்டு வந்தபோது, யூஎஸ்பி வழியாக சீரியல் மானிட்டரில் `L 7` என்று தட்டினேன். எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால் 7ஆம் இடம் 35ஆவது பைட்டில் ஆரம்பிக்கிறது. நிலை 39ஆவது பைட். அந்த ஒரே பைட் 0 ஆனது, வேறு யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. அவருக்குப் புதுக் கார்டை வேறொரு காலி இடத்தில் பதிந்து கொடுத்தேன்.

பழைய யூஐடியை ஏன் அழிக்கவில்லை? அழித்துவிட்டால் அந்தக் கார்டு யாரோ தெரியாதவருடைய கார்டு போல ஆகிவிடும். பின்னொரு நாளில் யாரும் கவனிக்காமல் மறுபடி பதிந்துவிடவும் கூடும். தொலைந்தது என்ற குறி இருந்தால் பதிவு மறுக்கப்படும். அதைக் கதவில் யாராவது காட்டினால், வெளியே சாதாரண மறுப்பு மட்டும்தான். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரிந்து நிற்கும். வெளியே தனி ஒலி எழுப்பினால், கார்டு வைத்திருப்பவருக்கு அது ஒரு காலத்தில் இந்தக் கதவைத் திறந்தது என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும்.

பிறகு அந்த 7ஆம் கார்டு கிடைத்துவிட்டது. "இதையே திரும்பச் செல்லும்படி செய்யேன்" என்று கேட்டார். மறுத்துவிட்டேன். மைஃபேர் கிளாசிக் கார்டின் யூஐடி ரகசியமில்லை. ரீடர் கேட்டதும் மறைப்பின்றிச் சொல்லிவிடும். யூஐடியை மாற்றி எழுதக்கூடிய கார்டுகளும் விற்பனையில் உண்டு. கைவிட்டுப் போயிருந்த நேரத்தில் ஒருவர் அதைப் படித்து நகல் எடுத்திருந்தால், மூலக் கார்டு திரும்பி வந்ததால் நகல் செல்லாமல் போகாது. ஆகவே தொலைந்ததாகக் குறித்த கார்டு எங்களிடம் மறுபடி உயிர் பெறுவதில்லை. யூஐடியை மட்டும் நம்பும் எந்தப் பூட்டுக்கும் இந்த வரம்பு உண்டு. தொலைந்த நேரத்துக்கும் நமக்குச் சொல்லும் நேரத்துக்கும் இடையில் கதவு திறந்தே கிடக்கிறது என்பதையும் எந்த நிரலாலும் சரிசெய்ய முடியாது. அதனால் தொலைத்தவரை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்வதில்லை. கடிந்தால் அடுத்தவர் சொல்லத் தாமதிப்பார்.

நோட்டில் குறிக்காமல் விட்ட கார்டு தொலைந்தால், கணக்கெடுப்பு முறை ஒன்று இருக்கிறது: எல்லோரும் தங்கள் கார்டை ஒருமுறை காட்ட, காட்டப்படாமல் எஞ்சும் எண்தான் தொலைந்தது.

மாஸ்டர் கார்டை முற்றிலும் நீக்கிவிட்டேன். அதுவே தொலைந்தால் கண்டெடுத்தவர் தனக்கு வேண்டிய கார்டைச் சேர்த்துக்கொள்ளலாமே! இப்போது சேர்ப்பதும் குறிப்பதும் அறைக்குள் இருக்கும் யூஎஸ்பி வழியாக மட்டும்தான்.

இதே நிரலை இஎஸ்பி8266க்கு மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஈஈப்ராம் என்பது ஃபிளாஷ் நினைவகத்தில் செய்யும் பாவனை. `EEPROM.commit()` அழைக்காவிட்டால் குறி தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருக்கும். கார்டு மறுக்கப்படுவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைப்போம், மின்சாரம் ஒருமுறை போய் வந்ததும் தொலைந்த கார்டு மறுபடி கதவைத் திறக்கும். ஒரு உபரிக் கார்டைப் பதிந்து, தொலைந்ததாகக் குறித்து, மின்சாரத்தை நிறுத்திப் போட்டபின் காட்டிப் பாருங்கள்.