எங்கள் வீட்டின் மூன்று பாஸ்போட்டுகள்: அவசரத்துக்கு எடுத்த அனுபவம்

2023இல் எனக்குப் பாஸ்போட் எடுக்க வவுனியா அலுவலக வாசலில் ஓர் இரவு முழுக்க வரிசையில் நின்றேன். 2024 நவம்பரில் இணையவழித் திகதிப் பதிவு வந்தபின் தம்பிக்கு எடுத்தோம். போன வருடக் கடைசியில் அம்மாவுக்கு. மூன்றிலும் அம்மாவுடையதுதான் உண்மையான அவசரம்.

சென்னையில் இருதய வைத்தியரிடம் காட்ட வேண்டியிருந்தது. அம்மாவின் பழைய பாஸ்போட்டில் ஐந்து மாதம் மிச்சம். இந்திய இ-விசாவுக்கு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். ஆக, காலாவதியாகாத பாஸ்போட் கையில் இருந்தும் புதிது எடுக்கத்தான் வேண்டும்.

தம்பிதான் K 35 A படிவத்தை நிரப்பினான். அவசரம் என்றபடியால் எமெர்ஜென்சி சர்டிபிகேட் என்ற கட்டத்தில் அடையாளம் போட்டுவிட்டான். நல்லவேளை, கிளிநொச்சியில் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் கண்டு, "தம்பி, இது வேற பத்திரம், பாஸ்போட் இல்லை" என்றார். படிவத்தில் இரண்டு கேள்விகள் தனித்தனியாக இருக்கின்றன. எந்தப் பயணப் பத்திரம் என்பது ஒன்று. அதில் 'எல்லா நாடுகளும்' என்று போட வேண்டும். எவ்வளவு விரைவாக வேண்டும் என்பது மற்றது. அதில்தான் ஒருநாள் சேவை. அவசரத்தைச் சொல்லும் இடம் இந்த இரண்டாவது மட்டுமே. புதுப் படிவம் எடுத்து எழுதினோம்.

அடுத்தது திகதி. ஒருநாள் சேவை என்பது விண்ணப்பம் கையளித்த பிறகு ஓடும் கணக்கு. முன்பதிவுத் திகதி எப்போது கிடைக்கும் என்பது அதற்குள் வராது. எங்களுக்கு வவுனியாவில் சாதாரண சேவைக்கு ஐந்தாம் நாள் இடம் காட்டியது. பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் ஒருநாள் சேவைக்குப் பன்னிரண்டாம் நாள். கிட்டிய திகதியைப் பார்த்துத் தம்பி வவுனியா என்றான். ஆனால் சாதாரண சேவையில் பாஸ்போட் எந்த நாளில் கைக்கு வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அது வந்த பிறகுதான் விசாவுக்குப் போடலாம். சாதாரண சேவைக்குப் பத்தாயிரம், ஒருநாளுக்கு இருபதாயிரம். கூடுதல் பத்தாயிரத்தைக் கொடுத்துப் பத்தரமுல்லையையே எடுத்தோம்.

பதிவுக்கு முதல் ஸ்டூடியோவில் படம் எடுத்துவிடுங்கள். படத்தை அவர்களே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு ஒரு துண்டு தருவார்கள்; அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். எங்களை அலைய வைத்தது பிறப்புச் சான்றிதழ். அம்மாவுடையது 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்க நான்கு நாள் போனது. வன்னியில் பல வீடுகளில் இதே நிலைதான். அதனால் பிரதி கைக்கு வருமா என்று பார்த்துவிட்டுத் திகதியைத் தேர்ந்தெடுங்கள்.

இரவு பஸ்ஸில் போனோம். காலையில் விரல் அடையாளம் வைத்து விண்ணப்பத்தைக் கொடுத்தோம். பின்னேரம் அம்மா புதுப் பாஸ்போட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.