இரட்டைச் சொடுக்கில் பாதிச் சொல்: வியட்நாமிய இடைவெளியோடு சில வருஷங்கள்

நண்பர் ஒருவருக்கு வியட்நாமியத்திலிருந்து தமிழாக்கும் வேலை வந்திருக்கிறது. "லத்தீன் எழுத்துதானே, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டிருக்கிறது, சமாளித்துவிடலாம் இல்லையா?" என்று கேட்டார். எழுத்தில் எனக்குக் குறையே இல்லை. குறிகளைப் பழகிவிட்டால் பார்த்ததை அப்படியே வாசிக்கலாம். என் கோபமெல்லாம் அந்த இடைவெளி மீதுதான். அது சொல்லைப் பிரிப்பதில்லை, அசையைப் பிரிக்கிறது.

நாடு என்பதற்கு đất nước என்று எழுதுவார்கள். முதல் அசை மண், இரண்டாவது தண்ணீர். திரையில் இரண்டாவது அசையை இருமுறை சொடுக்கினால் அது மட்டும் தேர்வாகும். அகராதிப் பெட்டி 'தண்ணீர்' என்று காட்டும். பொய்யில்லை, ஆனால் எனக்கு வேண்டிய சொல் அதுவல்ல. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இழுத்துத்தான் தேர்வு செய்கிறேன். ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

வகுப்பறைகளில் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று:

```
học sinh học sinh học
học_sinh  học  sinh_học
```

மேலே உள்ளது அச்சில் வருவது. கீழே உள்ளது சொல் பிரிக்கும் நிரல் அடிக்கோட்டால் கட்டித் தருவது: மாணவர் உயிரியல் படிக்கிறார். ஹோக், சிங் என்ற இரண்டே அசைகள் மூன்று சொற்களாகியிருக்கின்றன. சீன மூலச் சொற்கூட்டில் பெரும்பாலும் அடைமொழி முன்னால் வரும். உயிரியலில் 'உயிர்' முதலில், 'இயல்' பிறகு. நம் சொல்லும் அதே வரிசைதான் என்பதால் அது உறுத்தாது. சொந்த வியட்நாமியக் கூட்டிலோ தலைச்சொல் முன்னால் நிற்கும். குவோக் (quốc) போன்ற சில சீன மூல அசைகள் சாதாரண வாக்கியத்தில் தனியாக வருவதே அரிது. அப்படி ஒன்றைக் கண்டால் இடமும் வலமும் துணை தேடுங்கள், எல்லை பாதி தெரிந்துவிடும்.

நிஜமான தொல்லை, எல்லா அசையும் தனியாகவும் நிற்கக்கூடிய இடத்தில்தான். இதைப் பாருங்கள்:

```
Ông già đi nhanh quá
Ông già ấy đi nhanh quá
Ông ấy già đi nhanh quá
```

முதல் வரிக்கு இரண்டு பொருள் உண்டு. முதல் இரண்டு அசையையும் சேர்த்தால் 'கிழவர்'; வாக்கியம் 'கிழவர் ரொம்ப வேகமாக நடக்கிறார்' என்றாகும். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தால் 'மூப்படைய' என்று வரும். 'அவர் சீக்கிரமே கிழடுதட்டிவிட்டார்' என்றாகும். டி (đi) என்றால் போவது. ஆனால் மெலிவது, சிறுப்பது, மூப்படைவது போன்ற சொற்களுக்குப் பின்னால் அது தேய்வைக் காட்டும் ஒட்டு. இப்படி மாட்டிக்கொண்டால் நான் 'அந்த' என்ற பொருளுள்ள அய் (ấy) என்பதை நுழைத்துப் பார்ப்பேன். இரண்டாம் வரியில் அது 'கிழவர்' முடிந்தபின் நிற்கிறது, மூன்றாம் வரியில் 'அவர்' முடிந்ததும் நிற்கிறது. அது எங்கே உட்கார்கிறதோ அங்கே சொல் முடிகிறது. பெயர்ச்சொற்களுக்கு இதைவிட நம்பகமான சோதனை எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு இடத்திலும் சரியாகவே உட்கார்ந்தால் முன்பின் வாக்கியம்தான் கதி. நிரலும் இங்கே ஏதோ ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்துத் தரும்.

பெயரும் அடைமொழியுமாக வந்தால் நடுவே 'ரொம்ப' (rất) என்பதை நுழைத்துப் பாருங்கள். ஆவ் ஸாய் (áo dài) என்ற உடையின் பெயர் நேர்ப்பொருளில் 'நீள அங்கி'. நடுவில் 'ரொம்ப' போட்டதும் உடையின் பெயர் காணாமல் போய், 'அங்கி ரொம்ப நீளம்' என்ற வாக்கியம் மிஞ்சும்.

சைகோனில் அறுபதுகளில் அச்சான பழைய பக்கங்களைப் புரட்டும்போது பொறாமையாக இருக்கும். கூட்டுச்சொற்களின் அசைகளுக்கு நடுவே சிறு கோடு போட்டிருப்பார்கள், Việt-Nam என்பது போல. அந்தக் கோட்டை ஏன்தான் விட்டார்களோ! தாய்மொழிக்காரர்களுக்கு அது தேவைப்படவில்லை என்பது நியாயம்தான். எனக்குத் தேவைப்படுகிறது.

இத்தனை திட்டிய பிறகு ஒரு நல்ல சேதி. கூலியை மூலச் சொல் கணக்கில் பேசினால், எழுத்துச் செயலி இடைவெளியை எண்ணித்தான் சொல் கணக்குப் போடும். மாணவர் ஒருவர், கணக்கில் இரண்டு சொல். மேலே உள்ள உயிரியல் வாக்கியம் நம்மூர்க் கணக்கில் மூன்று சொல், செயலியில் ஐந்து. விவரம் தெரிந்த நிறுவனங்கள் இதற்கென்றே சொல் விலையைக் குறைத்துப் பேசும். தெரியாதவர்கள் பேச மாட்டார்கள். ஆக, அவசர வேலைக்கு இந்த மொழி வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு. நண்பரிடம் சொன்னது மட்டும் வேறு: மூலச் சொல் கணக்கென்றால் இன்றைக்கே ஒப்புக்கொள்ளுங்கள்.