வெள்ளவத்தையில் அறை தருவதாகச் சொல்லி 54,000 ரூபாவைப் பறித்துவிட்டார்கள்: கொழும்புக்குப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் கவனிக்கவும்

திருகோணமலையிலிருந்து உள்ளகப் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் புறப்படும் பிள்ளைகளுக்காக இதை இன்றே எழுதுகிறேன். இலவச விளம்பரத் தளம் ஒன்றில் வந்த ஓர் அறை விளம்பரத்தால் 54,000 ரூபாவை இழந்து நிற்கிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அந்த விளம்பரம் ஏன் என் கண்ணில் பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எனக்கு மாதக் கொடுப்பனவு 45,000 ரூபா, அதுவும் மாத முடிவில்தான் கைக்கு வரும். மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 950 ரூபா அளவில் போகும், மாதத்துக்கு அது 28,500 ரூபா. அதன் மேல் அறை வாடகை 18,000 ரூபாவைச் சேர்த்தாலே 46,500 ஆகிவிடுகிறது, பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே கொடுப்பனவு தீர்ந்துவிடுகிறது. காலையும் இரவும் சமைத்துச் சாப்பிட்டு, மதியம் மட்டும் சோற்றுப் பார்சல் வாங்கினால் சாப்பாட்டை 18,000 ரூபாவுக்குள் அடக்கலாம். கோட்டைக்கு வேலைக்குப் போய்வர 3,000, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக 2,500 என்று வைத்தால் மொத்தம் 41,500 ரூபா, மிச்சம் 3,500. ஆகவே சமைக்க அனுமதி உள்ள அறை கிடைத்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். பெரும்பாலான அறைகளுக்கு அந்த அனுமதி இல்லை. அந்த விளம்பரத்திலோ “பெண் பிள்ளைகளுக்கு மட்டும், சமைக்கலாம், காலி வீதிக்கு நடை தூரம், 18,000” என்று போட்டிருந்தார்கள். நம்மைப் போன்ற பிள்ளைகளின் கையில் எவ்வளவு இருக்கும், எது இல்லாமல் முடியாது என்று நன்றாகத் தெரிந்தவர்கள் விரித்த வலை இது.

தொலைபேசியில் பேசியவர் தெளிவான தமிழில், தன் மனைவியின் ஊர் உப்புவெளி என்றார். அறையின் காணொளியையும், வீட்டு முகவரி தெரியும் மின்சாரப் பட்டியலின் படத்தையும் அனுப்பினார். என் அம்மாவோடும் பேசி, “அக்கா, பிள்ளையை எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிப் பார்ப்போம், நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதீங்க” என்றார். அந்தப் பேச்சோடு அம்மாவுக்கு மனம் ஆறிவிட்டது. மாலைக்குள் வேறொரு பிள்ளை பணம் போடப் போவதாகவும், மூன்று மாத வாடகையை முற்பணமாகப் போட்டால் அறையை ஒதுக்கி வைப்பதாகவும் சொன்னார். பட்டியலில் இருந்த பெயர் ஒன்று, கணக்கின் பெயர் வேறொன்று. கேட்டதற்கு “அது மனைவியின் கணக்கு” என்றார். அம்மா தன் காப்பை அடகு வைத்து 54,000 ரூபாவை அனுப்பினார்.

இரவு ரயிலில் கொழும்பில் இறங்கி, 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய், பைகளோடு அந்த வாசலில் நின்றேன். வீடு உண்மையானதுதான். கதவைத் திறந்த அம்மையார், தாங்கள் அறை எதுவும் வாடகைக்கு விடவில்லை என்றும், முன்பு ஒருமுறை போட்ட விளம்பரத்தின் படங்களை யாரோ எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொன்னார்.

அந்த ஆளுக்கு அழைத்தபோது “தங்கச்சி, சின்னக் குழப்பம், நாளைக்கே திருப்பிப் போடுகிறேன்” என்றார். மறுநாள் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். விளம்பரத் தளத்தினர், தாங்கள் விளம்பரத்தை வெளியிடுபவர்கள் மட்டுமே, கொடுக்கல் வாங்கல் உங்களுக்கிடையே என்று ஒரே பதிலையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். அந்த விளம்பரம் வேறொரு இலக்கத்தோடு இன்னும் அங்கேயே கிடக்கிறது, இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வங்கியில், நீங்களே அனுமதித்து அனுப்பிய பணத்தைப் பெற்றவரின் சம்மதமின்றி எடுக்க முடியாது, பொலிஸில் முறையிடுங்கள் என்றார்கள். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, வங்கி விவரம் வரட்டும் என்றார்கள். எங்கே போனாலும் அடுத்த வாசலைத்தான் காட்டுகிறார்கள்.

மாதம் 3,500 மிச்சம் பிடித்தாலும் ஆறு மாதப் பயிற்சி முடியும்போது 21,000 ரூபாதான் சேரும். போன 54,000 ரூபாவில் பாதிகூட அது இல்லை, காப்பின் வட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது மஹரகமவில் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கிறேன். வாடகை இல்லை. ஆனால் தினமும் 138இல் நசுங்கிப் போகிறேன், வீடு திரும்ப இரவாகிவிடுவதால் கடைச் சாப்பாடு கூடிவிட்டது.

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், இப்போது இவ்வளவுதான் முடிகிறது. அறையை உங்கள் ஆள் ஒருவர் நேரில் பார்த்து, உள்ளே நின்று வீட்டுக்காரரோடு பேசும்வரை ஒரு சதமும் போடாதீர்கள். அடையாள அட்டை, மின்சாரப் பட்டியல், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் ஒரே பெயர் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். முற்பணத்தை ஒரு மாதத்துக்கு மேல் கேட்டால் பேரம் பேசுங்கள், கையொப்பத்தோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அன்றன்றே படமெடுத்து வையுங்கள், அந்த ஆள் தன் செய்திகள் பலவற்றை என் தொலைபேசியிலிருந்தும் அழித்துவிட்டார்.