காரைக்குடியில் 'மூங்கில் டி-ஷர்ட்' வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன சித்திரை வெயிலில் அப்பாவுக்காகக் காரைக்குடிக் கடை ஒன்றில் மூன்று டி-ஷர்ட் வாங்கினேன். ஒன்று 799 ரூபாய். கழுத்தில் தொங்கிய அட்டையில் "100% மூங்கில், கிருமி அண்டாது, வியர்வை நாற்றம் வராது" என்று அச்சிட்டிருந்தார்கள். தொட்டால் பட்டு மாதிரி வழுக்கியது. நான் யோசிப்பதைப் பார்த்ததும் கடைக்காரர் துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி லைட்டரில் கொளுத்தினார். "பாருங்க சார், உருகலை. பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலாயிடுச்சு. சுத்த இயற்கை" என்றார். வாசனையும் காகிதம் எரிகிற வாசனைதான். நம்பி வாங்கிவிட்டேன்.

முதல் வாரம் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உடம்பில் ஒட்டாமல் குளுகுளுவென்று இருக்கிறது என்றார். அது பொய்யில்லை. எங்கள் வீட்டில் துணியெல்லாம் பின்கட்டில் இருக்கும் துவைகல்லில்தான் துவைப்பது. மூன்றாவது வாரம் துவைக்கிற அக்கா ஒரு டி-ஷர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, நான் ஓங்கிக்கூட அடிக்கலை. பிழியும்போதே கையோட வந்திருச்சு." தோள் தையலை ஒட்டி நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கொடியில் காய்ந்த இன்னொன்று தண்ணீர்க் கனத்தில் இழுபட்டு, அப்பாவின் தொடை வரை நீண்டிருந்தது.

அப்போதுதான் உள்பக்கத் தையலில் இருந்த சின்ன லேபிளைப் பார்த்தேன். "100% விஸ்கோஸ்." மூங்கில் என்ற சொல்லே அதில் இல்லை.

விஸ்கோஸ் என்றால் ரேயான். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்துக் குழம்பாக்கி, சன்னத் துளைகள் வழியே அமிலத்தில் பீய்ச்சி நூலிழை ஆக்குகிறார்கள். அத்தனை ரசாயனத்தில் கரைந்து வந்த பிறகு மூங்கிலின் கிருமி எதிர்ப்புக் குணம் துணியில் தங்குவதில்லை. அமெரிக்காவில் இதை மூங்கிலிலிருந்து செய்த ரேயான் என்றுதான் எழுதி விற்க வேண்டும். மூங்கில் என்று விற்றதற்காக 2022இல் அங்கே இரண்டு பெரிய கடை நிறுவனங்கள் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

கடைக்காரர் காட்டிய நெருப்புச் சோதனையில் எந்தத் தவறும் இல்லை, அதிலிருந்து சொன்ன முடிவுதான் தவறு. பருத்தி, விஸ்கோஸ், மோடல், லையோசெல் நான்கும் செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள்தான். நான்குமே காகிதம் போலத்தான் எரியும். உருகாவிட்டால் பாலியஸ்டர் இல்லை என்று தெரியும், அவ்வளவுதான்.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் தண்ணீரில் நனைத்துப் பார்க்க வேண்டும். துணியின் வெட்டு ஓரத்தில் இரண்டு நூலை உருவுங்கள். தைத்த நூலை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் பாலியஸ்டராக இருக்கும். ஒன்றை உலர்ந்தபடியே இழுங்கள், இன்னொன்றை நன்றாக நனைத்துவிட்டு இழுங்கள். பருத்தி நூல் நனைந்தால் வலு கொஞ்சம் கூடும். விஸ்கோஸ் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். வீட்டில் செய்து பார்த்தேன். ஈர நூல் விரலில் சுற்றி லேசாக இழுத்ததுமே அறுந்தது. பக்கத்தில் வைத்திருந்த பழைய காட்டன் பனியன் நூல் விரலை அறுத்ததே தவிர அது அறவில்லை. வியர்வையை அதிகம் குடிப்பதால்தான் விஸ்கோஸ் வெயிலில் சுகமாக இருக்கிறது. அதே குணத்தால்தான் நனைந்ததும் ஊதி, கனத்து, தொங்கிப் போகிறது.

மோடலும் மரக்கூழிலிருந்து வருவதுதான், பெரும்பாலும் பீச் என்ற காட்டு மரம், பழம் தரும் பீச் இல்லை. ஆனால் ஈரத்திலும் வலு ஓரளவு நிற்கும்படி செய்தது. பாதி மோடல், பாதி காட்டன் கலந்த துணி மென்மையாகவும் இருக்கும், தொங்கவும் தொங்காது. லையோசெல் வேறு கரைப்பானில் தயாராவது. அந்தக் கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். விஸ்கோஸ், மோடல், லையோசெல் மூன்றில் ஈர வலு இதற்குத்தான் அதிகம். ஆனால் ஈரத்தில் தேய்த்தால் இழை மேல்பக்கம் பிரிந்து, துணி வெளுத்த மாதிரி பஞ்சு பூத்துவிடும். பிரஷ் போட்டுத் தேய்க்கிற வீட்டுக்கு ஆகாது. மூங்கிலிலும் லையோசெல் செய்கிறார்கள். அப்படியென்றால் உள் லேபிளில் லையோசெல் என்றே இருக்க வேண்டும். கல்லில் துவைக்கிற எங்களைப் போன்ற வீடுகளுக்குக் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்ப்டு காட்டன்தான் சரி, 150 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவில் மெல்லிசாக எடுத்தால் வெயிலுக்குப் போதும்.

கிழிந்ததையும் லேபிளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "துவைச்ச துணியை எடுக்க மாட்டோம் சார், லேபிள்லதான் போட்டிருக்கே" என்றார்கள். அட்டையில் இருப்பது என்ன என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அட்டை, லேபிள், பில் மூன்றையும் போட்டோ எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். நேற்று அந்த வழியாகப் போனேன். வாசலிலேயே அதே டி-ஷர்ட், அதே அட்டையோடு தொங்குகிறது.