ஆற்றைப் பொதுவாக்குவது யார்? பெர்க்லியும் வசுபந்துவும்

மனத்துக்கு வெளியே பொருள் என்று எதுவும் இல்லை என்று வாதிட்டவர்களில் நான் முதலில் படித்தது அயர்லாந்துக்காரரான பெர்க்லியை. பல ஆண்டுகள் அவர் பக்கம்தான் நின்றேன். யோகாசாரம் என்ற பௌத்தப் பள்ளியின் வசுபந்து எழுதிய விம்சதிகா என்ற சிறு செய்யுள் நூலைப் படித்த பிறகு மாறிவிட்டேன். கனவில் பொருளில்லாமலே காட்சி வருகிறது என்பதை இருவருமே சொல்கிறார்கள், அது இருக்கட்டும். என்னை மாற்றியது வேறொரு கேள்வி: வெளியே ஆறு இல்லையென்றால், பத்துப் பேருக்கும் ஒரே ஆறு எப்படித் தெரிகிறது?

1710இல் வந்த நூலில் பெர்க்லி தன் மேசையை எடுத்துக்கொள்கிறார். அறையை விட்டுப் போன பிறகும் மேசை இருக்கிறது என்றால், நான் அங்கே இருந்தால் அதைக் காண்பேன், அல்லது வேறொரு மனம் அதைக் காண்கிறது என்று பொருள். எல்லா மனங்களிலும் காட்சிகளை ஒழுங்காகப் பதிப்பவர் கடவுள். கடவுளை எடுத்துவிட்டால் அந்த ஒழுங்கைத் தாங்க யாரும் இல்லை.

வசுபந்து வெளியே இருந்து யாரையும் அழைப்பதில்லை. தீவினையால் பசியிலும் தாகத்திலும் அலையும் ஆவிகளான பிரேதங்களைக் காட்டுகிறார். ஒரு பிரேதத்துக்கு மட்டுமல்ல, எல்லாப் பிரேதங்களுக்கும் ஆறு சீழ் நிறைந்ததாகத் தெரிகிறது. அவற்றின் வினை ஒரே மாதிரி பழுத்திருப்பதுதான் காரணம். பொருள் பொதுவாக இல்லாமலே காட்சி பொதுவாகிவிடுகிறது.

அடுத்து, நரகத்தில் கிடப்பவர்கள் எல்லோருக்கும் தெரிகிற நரகக் காவலர்கள். அவர்கள் உண்மையான உயிர்கள் என்றால், பழுக்கக் காய்ந்த இரும்புத் தரையில் அவர்களும் துடிக்க வேண்டும், பிறகு எப்படி வதைப்பார்கள்? சரி, நரகத்தில் கிடப்பவர்களின் வினைதான் நிலம், நீர் போன்ற பூதங்களாலான காவலர் உருவங்களை வெளியே உண்டாக்குகிறது என்கிறார்கள், வெளிப்பொருள் உண்டு என்னும் எதிரணி பௌத்தர்கள். இங்கேதான் வசுபந்து பிடிக்கிறார். வினை விட்டுச்செல்லும் பதிவான வாசனை தங்குவது அறிவின் ஓட்டத்தில் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். வாசனை ஓரிடத்தில் இருக்க, பலனை மட்டும் ஏன் வெளியே வைக்கிறீர்கள்? வித்து கிடக்கும் அதே இடத்தில் அது முளைத்தால் என்ன?

இந்த வாதம் எனக்கு இன்றும் அசையவில்லை. காஞ்சியிலிருந்து நாலந்தா போன தர்மபாலர் இதே மரபுக்கு உரை கண்டவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஆனால் வினையையே ஏற்காதவரிடம் இந்தப் பிடி பாதிதான் நிற்கும். இன்னொன்றும் உண்டு. வசுபந்து வெளிப்பொருளே இல்லை என்கிறாரா, அறிவுக்குள் வராத பொருளைப் பற்றிப் பேச முடியாது என்று மட்டும் சொல்கிறாரா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். நான் முதல் பொருளில்தான் படிக்கிறேன். தனித்தனி ஓட்டங்கள் எப்படி ஒத்துப்போகின்றன என்பதற்கு, அவை ஒன்றன்மேல் ஒன்று ஆதிக்கம் செலுத்துகின்றன என்கிறார். எப்படி என்று விரித்துச் சொல்லவில்லை. கடைசிச் செய்யுளில், என் சக்திக்கு எட்டிய அளவு நிறுவிவிட்டேன், முழுவதும் புத்தருக்கே எட்டும் என்று நிறுத்திக்கொள்கிறார்.